கைவிடப்பட்ட புல் ரிக்வெஸ்டும் ஒரு கடைசி கமெண்ட்டும்

இன்னைக்கு கொஞ்சம் தொழில் சம்பந்தப்பட்ட பதிவு. பொட்டி தட்டுற சக பதிவர்களுக்கு உடனே புரியும். மத்தவங்களுக்கும் புரியிற மாதிரி எழுதப் பார்க்கிறேன். நடுவுல கமாண்டுகள் வரும் இடத்தைத் தாண்டிப் போயிடுங்க, கோவிச்சுக்க மாட்டேன் :-)

முதல்ல புல் ரிக்வெஸ்ட்னா என்னன்னு ரெண்டு வரி. கிட்ஹப்ல யாரோ ஒருத்தரோட ஓப்பன் சோர்ஸ் மென்பொருள் இருக்கு. அதுல ஒரு குறையை நீங்க உங்க பிரதியில சரி பண்ணிட்டு, "இந்த மாற்றத்தை உங்க பக்கம் சேர்த்துக்கோங்க"ன்னு அனுப்புறதுதான் புல் ரிக்வெஸ்ட். பத்திரிகைக்குக் கதை அனுப்புற மாதிரின்னு வச்சுக்கோங்க. பராமரிக்கிறவர் படிச்சுப் பார்த்து, "இங்க இங்க திருத்துங்க"ன்னு சொல்லுவார். திருத்தி அனுப்பினா சேர்த்துக்குவார்.

திருத்தச் சொன்னதுக்கு அப்புறம் ஆளே காணாமப் போயிட்டா? நிறைய தடவை அதுதான் நடக்குது. பரீட்சை வந்திருக்கும், வேலை மாறியிருக்கும், கல்யாணம் ஆகியிருக்கும், இல்ல சும்மா மறந்திருக்கும். மாசக்கணக்கா அந்தப் புல் ரிக்வெஸ்ட் திறந்தே கிடக்கும். ஒரு நாள் பராமரிக்கிறவர் அதை மூடுவார். மூடும்போது ஒரு கமெண்ட் எழுதுவார். பெரும்பாலும் அது ரெண்டே வாக்கியம்: "செயல்பாடு இல்லாததால் மூடுகிறேன். தேவைப்பட்டால் தாராளமாக மீண்டும் திறக்கலாம்."

எனக்கு இந்த ரெண்டாவது வாக்கியத்து மேலதான் கோபம். மரியாதையான வாக்கியம்தான். ஆனா பல சமயம் அது உண்மை இல்ல. திறக்கச் சொன்ன கதவோட கைப்பிடி அந்த ஆளுக்கு இருக்கவே இருக்காது.

ஏன்னு சொல்றேன். கிட்ஹப்ல நீங்களே திறந்த புல் ரிக்வெஸ்டை நீங்களே மூடினா, நீங்களே திரும்பத் திறக்கலாம். ஆனா திட்டத்துல உரிமை உள்ள ஒருத்தரோ, அவர் வச்ச பாட்டோ மூடினா, அந்த உரிமை இல்லாத வெளியாளுக்குப் பொதுவா `Reopen pull request` பட்டன் வராது. ரெண்டு பேரும் ஒரே பக்கத்தைத்தான் பார்த்துட்டு இருப்பாங்க. பராமரிக்கிறவர் திரையில பட்டன் பளிச்சுன்னு இருக்கும், அனுப்பினவர் திரையில இருக்காது. அவர் திரையில இருக்கிறதை வச்சுக்கிட்டு இவர் "தாராளமா திறங்க"ன்னு எழுதிட்டுப் போயிடுவார். அந்தப் பக்கம் இருக்கிறவர் புதுசா வந்தவரா இருந்தா, "பட்டன் எங்கே?"ன்னு கேட்கக் கூச்சப்பட்டுக்கிட்டுப் போயே போயிடுவார்.

இன்னொரு சங்கடமும் இருக்கு. கிட்ஹப்ல இஷ்யூ மூடும்போது காரணம் தேர்ந்தெடுக்கலாம். 'முடிஞ்சது', 'செய்யப்போறதில்ல'ன்னு தனித்தனியா காட்டும். புல் ரிக்வெஸ்டுக்கு அந்த வசதி கிடையாது. ஒண்ணு `Merged`, இல்லைன்னா `Closed`. உங்க யோசனையே வேண்டாம்னு நிராகரிச்சாலும் அதே சிவப்பு `Closed`, யோசனை நல்லா இருக்கு ஆனா நீங்க காணாமப் போயிட்டீங்கன்னாலும் அதே சிவப்பு. இந்த ரெண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைச் சொல்லக்கூடிய ஒரே இடம் அந்தக் கடைசி கமெண்ட்தான். அதுல "செயல்பாடு இல்லாததால்"னு மட்டும் எழுதினா, 'பிரசுரிக்க இயலாமைக்கு வருந்துகிறோம்' அச்சடிச்ச சீட்டு மாதிரிதான். கதை பிடிக்கலையா, இடம் இல்லையா, கடைசி பக்கம் தொலைஞ்சு போச்சா, ஒண்ணும் தெரியாது.

"அப்போ மூடாமலே விட்டுட வேண்டியதுதானே?"ன்னு ஒரு நண்பர் கேட்டார். எனக்கு அதுல உடன்பாடு இல்ல. திறந்து கிடக்கிற புல் ரிக்வெஸ்ட், பேருந்துல துண்டு போட்ட சீட் மாதிரி. அதே பிழையைச் சரி பண்ணலாம்னு வர்ற அடுத்த ஆள், "ஓ, ஏற்கெனவே யாரோ பண்ணிட்டிருக்காங்க"ன்னு திரும்பிப் போயிடுவார். துண்டு போட்டவர் எப்பவோ இறங்கிப் போயிருப்பார். அதனால மூடத்தான் வேணும். மூடும்போது என்ன எழுதுறோம்ங்கிறதுதான் விஷயம்.

பொதுவாப் பேசினா காத்துல போயிடும், ஒரு நிஜக் கணக்கு சொல்றேன். நானும் ரெண்டு நண்பர்களும் சேர்ந்து, சிஎஸ்வி கோப்புகளைச் சுத்தம் பண்ற ஒரு சின்ன பைத்தான் கருவியைப் பராமரிக்கிறோம். எக்செல்ல 'CSV UTF-8'ன்னு சேமிச்ச கோப்பைக் கொடுத்தா அதுல ஒரு தொல்லை. அந்தக் கோப்போட தொடக்கத்துல கண்ணுக்குத் தெரியாத மூணு பைட் இருக்கும் (EF BB BF). அதுக்குப் பேர் பைட் ஆர்டர் மார்க். இதைக் கவனிக்காமப் படிச்சா முதல் நெடுவரிசையோட பேர் `name`னு வராம `\ufeffname`னு வரும். திரையில பார்த்தா ரெண்டும் ஒண்ணு மாதிரியே தெரியும். ஆனா நிரல் "name-னு ஒரு நெடுவரிசையே இல்லை"ன்னு அடம் பிடிக்கும். தலைமுடியைப் பிய்ச்சுக்க வைக்கிற ரகம்.

ஒரு கல்லூரி மாணவர் இதுக்கு 148ஆம் புல் ரிக்வெஸ்ட் அனுப்பினார். `utf-8`னு இருந்த இடத்தையெல்லாம் `utf-8-sig`னு மாத்தியிருந்தார். படிக்கிறதுக்கு இது சரியான மருந்து. மார்க் இருந்தா விழுங்கிடும், இல்லாட்டி சாதாரணமா படிக்கும். ஆனா அவர் எழுதுற இடத்துலயும் அதையே மாத்திட்டார். எழுதும்போது `utf-8-sig` என்ன பண்ணும்? ஒவ்வொரு கோப்புக்கும் புதுசா ஒரு மார்க் ஒட்டி அனுப்பும். வியாதியைக் குணப்படுத்திட்டு அடுத்தவருக்குத் தொத்த வச்ச கதை. நண்பர் ஒருத்தர் ஒரே வாரத்துல பார்த்து ரெண்டு விஷயம் கேட்டார்: எழுதுற இடத்தைப் பழையபடி விடுங்க, மார்க் உள்ள கோப்புக்கு ஒரு டெஸ்ட் சேருங்க. அதோட சரி. அஞ்சு மாசம் பதிலே இல்ல. நடுவுல ஒரு தடவை கேட்டோம், அதுக்கும் இல்ல. இதுக்குள்ள நாங்க படிக்கிற நிரலையும் எழுதுற நிரலையும் ரெண்டு கோப்பா பிரிச்சதுல, அவரோட மாற்றம் முட்டிக்கிட்டு நின்னுது.

இப்போ இதை மூடணும். நண்பர் எழுதின கமெண்டைத் தமிழ்ல தர்றேன் (அங்கே ஆங்கிலத்துல இருக்கு):

"இந்த மாற்றம் எங்களுக்கு வேணும். யோசனை சரியானது, நிராகரிக்கலை. ஜனவரியில கேட்ட ரெண்டு திருத்தம் (எழுதும் பக்கத்துல `utf-8` அப்படியே இருக்கணும், ஒரு டெஸ்ட் வேணும்) நிலுவையில இருக்கு. அதுக்கப்புறம் `reader.py` ரெண்டா பிரிஞ்சதால இப்போ முரண்பாடும் இருக்கு. அதனால இப்போதைக்கு மூடுறேன். இஷ்யூ திறந்தே இருக்கும், வேற யாரும் எடுத்துச் செய்யலாம். உங்க வேலைக்கு உங்க பேர் இருக்கும். நீங்களே தொடரணும்னா முதல்ல இங்க ஒரு வரி எழுதுங்க, நான் திறந்து விடுறேன். அதுக்கு அப்புறம்தான் ரீபேஸ் பண்ணிப் புஷ் பண்ணணும். தயவு செஞ்சு அதுக்கு முன்னாடி வேண்டாம். மூடும்போது இருந்த கடைசி கமிட்: `3f9c2ab`."

நீளமா இருக்கா? இருக்கு. எழுத அஞ்சு நிமிஷம் ஆகியிருக்கும். ஆனா இதுல சும்மா போட்ட வரி ஒண்ணு கூட இல்ல. குறிப்பா அந்த 'முன்னாடி வேண்டாம்' வரி. அதைக் கொஞ்சம் விரிவா பார்க்கணும், ஏன்னா பல வருஷம் கிட் பழகினவங்களே இதுல சறுக்குறதைப் பார்த்திருக்கேன்.

மூடின புல் ரிக்வெஸ்ட், மூடின நேரத்துல உங்க கிளை எந்தக் கமிட்ல இருந்துச்சோ அதை ஞாபகம் வச்சுக்கும். அதுக்கு மேல சாதாரணமா ரெண்டு கமிட் சேர்த்துப் புஷ் பண்ணினா பிரச்சினை இல்ல, திறக்க முடியும். ஆனா ரீபேஸ் பண்ணினா பழைய கமிட்டுகள் போய் அதே மாதிரி புதுக் கமிட்டுகள் வந்துடும். அதைத் தள்ள ஃபோர்ஸ் புஷ் பண்ணியே ஆகணும். பண்ணின உடனே, கிட்ஹப் தன் கையில இருக்கிற பழைய கமிட்டை உங்க கிளையில தேடிப் பார்த்துட்டுக் கைவிரிச்சுடும். அதுக்கப்புறம் பராமரிக்கிறவருக்கே கூட திறக்கிற பட்டன் செத்துடும். மவுஸை மேல கொண்டு போனா கிளை `force-pushed or recreated`னு ஒரு வரி வரும்.

கொடுமை என்னன்னா, பொறுப்பான ஆள்தான் இதுல மாட்டுவார். "ரொம்ப நாளாச்சு, முதல்ல எல்லாத்தையும் சரி பண்ணி, முரண்பாட்டைத் தீர்த்து, சுத்தமா வச்சுட்டு அப்புறம் திறக்கச் சொல்லிக் கேட்போம்"னு நினைப்பார் பாருங்க, அந்த நல்ல பிள்ளைக்குத்தான் கதவு அடைபடும். ஒண்ணும் செய்யாம "ஐயா திறங்க"ன்னு வந்து நிக்கிறவருக்குத் திறக்கும்.

ரஸ்ட் மொழித் திட்டத்துல இதைப் பல வருஷம் முன்னாடியே கவனிச்சிருக்காங்க. அங்க அனுப்பினவர் பதிலுக்காகக் காத்திருக்கிற புல் ரிக்வெஸ்டுக்கு `S-waiting-on-author`னு லேபிள் இருக்கும். ரொம்ப நாள் அசையலைன்னா ட்ரையாஜ் பார்க்கிற தன்னார்வலர் ஒருத்தர் வந்து மூடி `S-inactive` போடுவார். அவங்க வழக்கமா ஒட்டுற கமெண்ட்ல இந்த எச்சரிக்கையும் இருக்கும்: தொடரப் போறீங்கன்னா புஷ் பண்றதுக்கு முன்னாடியே திறந்துடுங்க, இல்லாட்டி திறக்க முடியாது, இது கிட்ஹப்போட ஒரு விசித்திரம். எத்தனை பேர் மாட்டின பிறகு அந்த வரி சேர்ந்துச்சோ!

நம்ம 148 கதைக்கு வர்றேன். மூடி மூணு வாரம் கழிச்சு மாணவர் திரும்பி வந்தார். நல்ல பிள்ளை. ரீபேஸ் பண்ணி, டெஸ்ட் எழுதி, ஃபோர்ஸ் புஷ்ஷும் பண்ணிட்டு, அதுக்கப்புறம்தான் எங்க கமெண்டையே படிச்சிருக்கார்! பட்டன் செத்துக் கிடந்தது. ஆனா இதுக்கு வைத்தியம் உண்டு. கிளையைப் பழைய கமிட்டுக்கே கொண்டு போய் நிறுத்தினா கிட்ஹப் சமாதானம் ஆயிடும். அந்தப் பழைய கமிட் அவர் கணினியில இல்லாட்டியும் கவலை இல்ல, மூலத் திட்டத்துல `pull/148/head`ங்கிற பேர்ல அது பத்திரமா இருக்கும். அவர் பண்ணினது இதுதான்:

```
git branch bom-fix-new
git fetch upstream pull/148/head
git push --force origin FETCH_HEAD:refs/heads/bom-fix
```

முதல் வரி அவரோட புது வேலையை வேற பேர்ல எடுத்து வைக்குது. அடுத்த ரெண்டும் பழைய கமிட்டைக் கொண்டு வந்து கிளையில உட்கார வைக்குது. பக்கத்தைப் புதுப்பிச்சா பட்டனுக்கு உயிர் வந்திருந்தது. நண்பர் அமுக்கித் திறந்தார். திறந்ததுக்கு அப்புறம் ஃபோர்ஸ் புஷ் பண்றதுக்குத் தடையே இல்ல:

```
git push --force origin bom-fix-new:bom-fix
```

பழைய விவாதம், திருத்தக் குறிப்புகள் எல்லாம் அப்படியே இருக்க, புது நிரல் வந்து உட்கார்ந்துச்சு. கமெண்ட்ல `3f9c2ab`னு போட்டிருந்ததால, சரியான இடத்துக்குத்தான் போயிருக்கோமான்னு ஒரே பார்வையில ஒப்பிட்டுப் பார்க்க முடிஞ்சுது.

"இதுக்கு எதுக்கு இவ்ளோ பாடு, புதுசா ஒண்ணு திறந்துட்டா போச்சு"ன்னு தோணும். திறக்கலாம்தான். சில சமயம் அதைத் தவிர வழியே இல்ல. உதாரணமா அனுப்பினவர் தன் பிரதியையே அழிச்சிருந்தா, புல் ரிக்வெஸ்ட் பக்கத்துல அந்த இடத்துல `unknown repository`னு இருக்கும். அதைத் திறக்கவே முடியாது. வெறும் கிளையை மட்டும் அழிச்சிருந்தா `Restore branch`னு பட்டன் இருக்கும், அதை அமுக்கினா போதும். ஆனா முடிஞ்ச வரைக்கும் பழசையே திறக்கிறது நல்லதுன்னு நினைக்கிறேன். எழுதுற பக்கத்தை ஏன் தொடக்கூடாதுன்னு நடந்த பேச்சு 148ல இருக்கு. புதுசா 191ன்னு ஒண்ணு வந்தா, அதைப் பார்க்கிற வேற ஒரு பராமரிப்பாளர் அதே கேள்வியை முதல்லேர்ந்து கேட்பார்.

அடுத்து பாட்டுகள் பத்தி. குபர்னெடிஸ்ல 90 நாள் அசைவில்லாட்டி `lifecycle/stale`, அதுக்கப்புறம் 30 நாள் போனா `lifecycle/rotten`, இன்னும் 30 நாள் போனா மூடல். ஆக மொத்தம் 150 நாள். ஒருத்தர் உழைப்பு மேல 'அழுகிப் போச்சு'ன்னு லேபிள் ஒட்டுறது எனக்குக் கொஞ்சம் ஓவராத்தான் தெரியுது. மாங்காயா என்ன? ஆனா அந்தப் பாட்டோட கமெண்ட்ல ரெண்டு விஷயம் எனக்குப் பிடிக்கும். ஒண்ணு, எல்லாத்துக்கும் பதில் சொல்லப் போதுமான ஆள் எங்ககிட்ட இல்லைன்னு குறையைத் தன் பக்கம் வச்சே ஆரம்பிக்குது. ரெண்டு, திறக்கிற வழி நிஜமாவே திறக்கிற வழி. பட்டன் இல்லாத ஆள் கூட `/reopen`னு கமெண்ட் போட்டா, உரிமை உள்ள பாட் அவருக்காகத் திறந்து விடும். ஃபோர்ஸ் புஷ் பண்ணியிருந்தா மட்டும் அதுவும் `Failed to re-open PR`னு கைவிரிச்சுடும். மேலே சொன்ன அதே காரணம்.

நம்மள மாதிரி சின்னத் திட்டக்காரங்க பெரும்பாலும் வைக்கிறது `actions/stale`. அதோட இயல்பான கணக்கு 60 நாள்ல ஸ்டேல், அதுக்கப்புறம் 7 நாள்ல மூடல். இதுல கவனிக்க வேண்டியது, `close-pr-message`ங்கிற இடத்தை நீங்க நிரப்பலைன்னா, மூடும்போது அது ஒரு வார்த்தையும் சொல்லாது. கதவு சாத்துற சத்தம் மட்டும்தான்.

இன்னொண்ணு, யார் பதிலுக்கு யார் காத்திருக்காங்கன்னு அதுக்குத் தெரியாது. அனுப்பினவர் எல்லாத்தையும் திருத்திட்டு உங்க பதிலுக்காக ரெண்டு மாசமா காத்திருந்தாலும், அதுவும் 'அசைவில்லை'தான். நாம பார்க்காம விட்டதுக்கு அவரோடதை மூடி, அதுக்குக் காரணம் 'உங்க செயல்பாடின்மை'ன்னு எழுதுறது அநியாயம். இந்த அநியாயத்தைத் தடுக்க ஒரு வழி, அனுப்பினவர் பக்கம் பந்து இருக்கும்போது மட்டும் ஒரு லேபிள் போட்டு, அந்த லேபிள் உள்ளதை மட்டும் பாட் தொடுற மாதிரி வைக்கிறது:

```
only-pr-labels: waiting-for-author
days-before-pr-stale: 60
days-before-pr-close: 30
```

லேபிளைப் போடுறதும் எடுக்கிறதும் மனுஷன் வேலை, அதுல சோம்பல் பட்டா இதுவும் வேலைக்காகாது. எங்க திட்டத்துல மொத்தமே மாசத்துக்கு நாலஞ்சு வர்றதால கையாலேயே மூடுறோம். ஆயிரக்கணக்குல வர்ற இடத்துல ஒவ்வொண்ணுக்கும் அஞ்சு நிமிஷம் செலவழிக்கச் சொல்றது நடக்காத காரியம்னு எனக்கும் தெரியும். ஆனா அங்கேயும் ஒரே ஒரு தடவை உட்கார்ந்து அந்த அச்சடிச்ச கமெண்டை ஒழுங்கா எழுதிட்டா, ஆயிரம் தடவையும் அதுதானே போகப் போகுது. "தாராளமாகத் திறக்கலாம்"ங்கிறதை எடுத்துட்டு, "புஷ் பண்றதுக்கு முன்னாடி இங்க ஒரு வரி எழுதுங்க, நாங்க திறக்கிறோம்"னு போட எவ்வளவு நேரம் ஆகிடும்?

டிஸ்கி: வேற ஒருத்தர் எடுத்துத் தொடர்ந்தா 'உங்க பேர் இருக்கும்'னு சொன்னதை எப்படிக் காப்பாத்துறதுன்னு கேட்பீங்க. பழைய கமிட்டுகளை அப்படியே வச்சு மேல கட்டினா பேர் தானா வரும். எல்லாத்தையும் ஒண்ணா நசுக்கினா, கமிட் செய்தியோட கடைசியில `Co-authored-by:`னு போட்டு அவர் பேரும் மின்னஞ்சலும் எழுதணும். அந்த மின்னஞ்சல் அவரோட கிட்ஹப் கணக்குல இருக்கிறதா இருக்கணும், இல்லாட்டி அவர் படம் பக்கத்துல வராது. பழைய கமிட்ல `git log` அடிச்சுப் பார்த்து அதுல இருக்கிறதையே எடுத்துப் போடுங்க.